குழவியை வைக்கும் ஓசை

மும்பையின் செம்பூரில், நாற்பது ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தமிழ்க் குடும்பங்கள் வசிக்கின்றன. கீழ்வீட்டில் இருப்பவர் நகரப் பேருந்து ஓட்டுநர். முதல் பணிமுறை என்பதால் விடியற்காலை மூன்றேமுக்கால் மணிக்கு எழுந்துவிடுவார். இரவு பத்து மணிக்குப் படுத்தால்தான் ஐந்தேமுக்கால் மணிநேர உறக்கம் அவருக்குக் கிடைக்கும். அதில் அரைமணி குறைந்தாலும் மறுநாள் காலை நெரிசலில் பேருந்தை ஓட்டும்போது கண் எரியும். அதைச் சொல்லும் வழக்கம் அவரிடம் இல்லை. அவர் மனைவிதான், காலையில் தேநீர்க் குவளையை அவர் பிடிக்கும் விதத்தைப் பார்த்து, முந்தைய இரவு எப்படிக் கழிந்தது என்பதைக் கணித்துக்கொள்வார்.

மேல்வீட்டில் இருப்பவர் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். கணவரை இழந்தவர். பகலில் ஓர் அலுவலக உணவகத்தில் சமையல் வேலை. இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பி, மகள் மாலையில் ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் அரைக்கத் தொடங்குவார். காலை ஆறரை மணிக்கு அந்த மாவு சுற்றுவட்டாரத்து வீடுகளுக்கும் இரண்டு சிற்றுண்டிக் கடைகளுக்கும் போய்ச் சேரவேண்டும். மகளின் கல்லூரிக் கட்டணம் அந்த மாவில்தான் இருக்கிறது. அரைக்கும் இயந்திரம் பழைய வகை; பெரிய குழவிக்கல் கொண்டது. ஒருமுறை உளுந்து, இருமுறை அரிசி என்று மூன்று ஈடு அரைத்து முடிக்கப் பதினொன்றேமுக்கால் ஆகிவிடும்.

இவர்களில் ஒருவர் உறங்கினால்தான் ஒரு வீட்டுக்கு வருமானம்; மற்றவர் விழித்திருந்தால்தான் மற்ற வீட்டுக்கு வருமானம். இருவருக்கும் இடையில் இருப்பது ஒரு கான்கிரீட் தளம் மட்டுமே. அந்தத் தளத்தைக் கடந்து ஒரு சொல்லை எப்படிக் கொண்டுசெல்வது என்பதே கீழ்வீட்டுப் பெண்ணுக்கு நேர்ந்த சிக்கல்.

அவர் ஏற்கெனவே ஒருமுறை சொல்லிப் பார்த்திருந்தார். ஒருநாள் மாலை படிக்கட்டில் எதிர்ப்பட்டபோது, பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரும் உடன் நிற்க, "ராத்திரியில கொஞ்சம் சத்தம் அதிகமா இருக்குக்கா" என்றார். மூத்தவர் முகம் சுருங்கியது. "சரிம்மா, பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினார். அன்றிரவு ஓசை குறைந்ததுபோல் இருந்தது. நான்கைந்து நாள்களில் பழையபடி ஆயிற்று. சொல்லியும் கேட்கவில்லையே என்ற மனத்தாங்கல் கீழ்வீட்டில் முளைவிட்டது. உண்மையில் மூத்தவர் சொன்ன சொல் தவறவில்லை. அன்று முதல் அவர் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்து வைத்திருந்தார். "சத்தம்" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, தம் வீட்டில் சத்தம் என்று தமக்குத் தோன்றிய ஒன்றை அவர் அடக்கியிருந்தார். கீழே உறக்கத்தைக் கலைத்தது வேறு ஒன்று. அது அவர் காதில் ஓசையாகவே பதிந்ததில்லை.

இது அவருடைய கவனக்குறைவு அன்று. அடுக்குமாடி வீடுகளில் ஓசை இருவழிகளில் பயணிக்கிறது. பேச்சும் பாட்டும் காற்றின் வழியே வருபவை. கனமான தளமும் சுவரும் அவற்றைப் பெருமளவு தடுத்துவிடும். பொருள் ஒன்று தரையில் மோதுவதோ உரசுவதோ வேறு வகை. அங்கே தளமே அதிர்கிறது. அந்த அதிர்வு கான்கிரீட்டின் ஊடாகச் சென்று கீழ்வீட்டுக் கூரையையே முரசின் தோலாக மாற்றிவிடுகிறது. ஒரு கல்லைத் தட்டில் வைப்பவருக்கு அது அடுப்படியின் நூறு ஓசைகளுள் ஒன்று. கீழே இருட்டில் படுத்திருப்பவருக்கு அது தலைக்கு மேலே விழும் அடி. இதனால்தான், ஓசைக்குக் காரணமானவர், "அப்படியொன்றும் சத்தம் இல்லையே" என்று வியப்பதை உடனே பொய்யென்று கொள்ளலாகாது. பெரும்பாலும் அவர் நிற்கும் இடத்தில் அது மெய்யே.

மூன்று வாரம் கழித்து இரண்டாம் முறை சொல்லவேண்டிய நிலை வந்தபோது, வீட்டில் வேறு யோசனைகளும் எழுந்தன. துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டலாம் என்றான் மகன். அலைபேசியில் ஒலியளக்கும் செயலி ஒன்றை இறக்கிக் காட்டினான். ஒலி மாசு விதிகள், 2000, குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. அவ்வளவும் சரியே. ஆனால் அந்த வரம்பு ஒரு பகுதியின் சூழலொலிக்கு வகுக்கப்பட்டது. ஓர் இரவில் ஆறேழு முறை மட்டும் தளத்தின் வழியே வந்து விழும் இடியை அலைபேசிச் செயலியால் அளந்து அந்த எண்ணோடு ஒப்பிட இயலாது. ஒப்பிட முடிந்தாலும், எண்ணோடு மாடியேறுபவர் வழக்காடப் போகிறவராகவே தெரிவார். குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் போவதும் அத்தகையதே. வீட்டிலிருந்து மாவு விற்பதைப் பற்றிச் சங்கத்தில் ஏற்கெனவே முணுமுணுப்பு உண்டு. ஓசை என்று தொடங்கும் முறையீடு தொழிலையே நிறுத்துவதில் போய் முடியக்கூடும். கீழ்வீட்டுப் பெண்ணுக்கு வேண்டியது கணவரின் உறக்கம். மேல்வீட்டு அடுப்பை அணைப்பது அன்று.

ஆகவே அவர் முதலில் செய்தது, பேசுவதற்குமுன் கேட்பது. ஒரு வாரம் நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் நேரத்தைக் குறித்துவந்தார். யாரிடமும் காட்டுவதற்காக அல்ல, தமக்கே தெளிவு வரவேண்டும் என்பதற்காக. ஏழு நாளில் ஐந்து நாள் ஓசை இருந்தது. ஞாயிறும் வியாழனும் இல்லை. அரைக்கும் இயந்திரத்தின் சுழற்சி ஒருசீரான இரைச்சலாகக் கேட்டது. அதில் கணவர் விழிக்கவில்லை. பத்தரை, பதினொன்றேகால், பதினொன்றேமுக்கால் ஆகிய மூன்று வேளைகளில் 'டங்' என்று ஓர் அடி விழும். அதைத் தொடர்ந்து கனமான ஏதோ ஒன்று தரையில் கிரீச்சிட்டு நகரும். அந்த மூன்றாவது அடியில்தான் அவர் எழுந்து உட்கார்ந்தார். எழுந்தபின் அடுத்த அடிக்காகக் காத்திருந்ததில் இன்னும் அரைமணி போயிற்று. ஒருசீரான ஓசைக்கு உடல் பழகிக்கொள்ளும். எப்போது வரும் என்று தெரியாத ஓசைக்கு அது விழித்துக் காவலிருக்கும். இந்த ஒரு வாரக் குறிப்பு இல்லாமல் போயிருந்தால், அவர் அரைக்கும் இயந்திரத்தையே நிறுத்தச் சொல்லியிருப்பார். அது மூத்தவரால் கொடுக்க இயலாத ஒன்று.

அடுத்து, எப்போது போவது என்ற கேள்வி. ஓசை எழும் வேளையில் போனால் இருவருமே களைப்பில் இருப்பார்கள். கதவைத் தட்டுவதே சண்டைக்கு அழைப்பாகும். விடியற்காலையில் கணவரை அனுப்பிவிட்டுக் கலங்கிய கண்ணோடு போனாலும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணியைத் தேர்ந்தெடுத்தார். அன்று மூத்தவருக்கு விடுமுறை. அரைக்கும் நாளும் அன்று. தனியாகப் போனார், படிக்கட்டில் சாட்சி நின்ற முதல் முறைபோல் அல்லாமல். இன்னொன்றும் செய்தார். வாரத்துக்கு இருமுறை மாவு வாங்கும் அந்தத் தூக்குப் பாத்திரத்தை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டுப் போனார். பாத்திரம் கையில் இருந்தால், சொல்வது வாடிக்கையாளரின் குறையாகிவிடும். கேட்பவர் வியாபாரத்துக்காகத் தலையாட்ட வேண்டியிருக்கும்.

கதவு திறந்தது. நலம் விசாரித்தபின், தேநீர் வருவதற்குமுன்பே அவர் செய்திக்கு வந்தார். நெடுநேரம் வேறு கதை பேசிவிட்டுக் கடைசியில் இதைச் சொன்னால், அதுவரை பேசியதெல்லாம் முகமன் என்று ஆகிவிடும்.

"அக்கா, ஒரு விஷயம் சொல்லணும்னுதான் வந்தேன். அன்னிக்குப் படிக்கட்டுல நான் சொன்னது சரியா சொல்லலன்னு நெனைக்கிறேன். எந்தச் சத்தம்னே சொல்லாம விட்டுட்டேன்."

இரண்டாம் முறை பேசுவதன் கடினம் முழுவதும் இந்தத் தொடக்கத்தில் இருக்கிறது. "அன்னிக்கே சொன்னேனே" என்று தொடங்கியிருக்கலாம். தமிழில் அந்த ஈற்று ஏகாரம் சின்னஞ்சிறியது. ஆனால், சொல்லியும் செய்யவில்லை என்ற தீர்ப்பு அதற்குள் முழுமையாக அடங்கியிருக்கிறது. "மறுபடியும்", "இன்னும்", "எத்தனை தடவை" என்பனவும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. முன்பு பேசியதை நினைவூட்டாமலும் இருக்க முடியாது. அதை மறைத்தால் இந்தப் பேச்சு மூன்றாம் முறைக்கும் இடம் வைத்துவிடும். அவர் கண்ட வழி, பழைய பேச்சின் குறையைத் தம்மேல் ஏற்றுக்கொண்டது. அது நயத்துக்காகச் சொன்ன பொய்யும் அன்று. முதல் முறை அவர் தெளிவாகச் சொல்லவில்லை என்பது உண்மையே.

"ராத்திரி பதினொன்னேமுக்கால் வாக்குல எங்க படுக்கையறைக்கு மேல 'டங்'குன்னு ஒண்ணு கேக்குது. அதுக்கப்புறம் கனமா ஏதோ நகருற மாதிரி கேக்குது. போன வாரம் அஞ்சு நாள் கேட்டுச்சு. அவரு மூணேமுக்காலுக்கு எழுந்து வண்டிக்குப் போகணும். அந்தச் சத்தத்துல முழிச்சா, திரும்பத் தூங்க அரைமணி ஆகுது."

"சத்தம் போடுறீங்க" என்பதற்கும் "சத்தம் கேக்குது" என்பதற்கும் உள்ள தொலைவைத் தமிழ் பேசும் எவரும் அறிவர். முன்னதில் செய்பவர் எழுவாயாக நிற்கிறார். பின்னதில் ஓசையே எழுவாய். "நகர்த்துறீங்க" என்றால் பிறவினை, நகர்த்தியவர் ஒருவர் உண்டு. "நகருது" என்றால் தன்வினை, பொருள் மட்டுமே உண்டு. குற்றஞ்சாட்டாமல் ஒன்றைச் சொல்வதற்குத் தன்வினை நல்ல கருவி. கீழே இருந்தவருக்கு உண்மையில் தெரிந்ததும் அவ்வளவுதான்: எதுவோ நகர்ந்தது. யார் நகர்த்தினார், எதற்காக நகர்த்தினார் என்பதை அவர் பார்க்கவில்லை. தமக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லும் வாக்கியம் தானாகவே பணிவாக அமைந்துவிடுகிறது.

ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. செய்பவரை வாக்கியத்திலிருந்து நீக்கும் இதே இலக்கணத்தைத்தான் ஜாடைப் பேச்சும் கையாளுகிறது. "சில வீட்டுல ராத்திரியும் கெடையாது பகலும் கெடையாது" என்று மாடத்தில் நின்று காற்றிடம் சொல்பவரும் யாரையும் பெயர்சொல்லிப் பேசுவதில்லை. அதில் பணிவு இல்லை என்பது கேட்பவருக்கு உடனே உறைக்கும். மறைமுகமாகச் சொல்வதும் மரியாதையாகச் சொல்வதும் ஒன்றல்ல. வேறுபாடு மூன்று இடங்களில் தெரிகிறது. முகத்தைப் பார்த்துச் சொல்வது முதலாவது. நேரமும் இடமும் பொருளும் குறித்துச் சொல்வது இரண்டாவது. என்ன வேண்டும் என்பதை வெளிப்படையாகக் கேட்பது மூன்றாவது. ஜாடைப் பேச்சில் இம்மூன்றும் இராது.

எண்ணிக்கையிலும் அவர் கவனமாக இருந்தார். "தினமும்" என்று சொல்லவில்லை; ஐந்து நாள் என்றார். "தினமும்" என்றிருந்தால் மூத்தவர் வியாழக்கிழமையைக் காட்டி மறுத்திருப்பார், பேச்சு உறக்கத்தை விட்டுக் கணக்குக்குப் போயிருக்கும். "யாரும் தூங்க முடியல" என்றும் சொல்லவில்லை. தாம் விழிப்பதைப் பற்றியோ மகனைப் பற்றியோ பேசாமல், ஒருவரின் ஒரு நேரத்தை மட்டும் சொன்னார். சிறியதாகச் சொன்னது நம்பத்தக்கதாயிற்று.

மூத்தவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு அவர் கேட்டது, அவர் அஞ்சியது எதை என்பதைக் காட்டிற்று.

"கிரைண்டர நிறுத்தச் சொல்றியாம்மா? ஒம்பது மணிக்கு மேலதான் நான் வீட்டுக்கே வாரேன். அதுக்கு முன்னாடி ஆட்ட வழியில்ல. ஆட்டலன்னா காலையில கடைக்காரனுக்கு என்னத்தக் குடுப்பேன்?"

குரல் சற்று உயர்ந்திருந்தது. இத்தகைய பேச்சுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முறியும். உயர்ந்த குரலுக்கு உயர்ந்த குரல் என்று போனால், வந்த செய்தி காணாமற்போய், யார் வாழ்க்கை கடினம் என்ற போட்டி தொடங்கும். "எங்க வீட்டுக்காரரும் ஒழைக்கத்தான் போறாரு" என்ற வாக்கியம் இளையவரின் நாவின் நுனியில் இருந்தது. அதை விழுங்கிக்கொண்டு, கேட்ட கேள்விக்கு மட்டும் விடை சொன்னார்.

"இல்லக்கா. கிரைண்டர் ஓடுறது எங்களுக்குத் தொந்தரவா இல்ல; அதுல அவரு தூங்கிடுறாரு. அத நிறுத்தச் சொல்ல நான் வரல. அந்த 'டங்'குன்னு விழுறதும், நகருறதும் மட்டுந்தான். அது என்னன்னு எனக்கே தெரியல."

மூத்தவரின் தோள் தளர்ந்தது. சிறிது யோசித்துவிட்டு, "குழவியா இருக்குமோ?" என்றார். ஒவ்வோர் ஈடும் முடிந்ததும் மாவை வழிப்பதற்காகக் குழவியைத் தூக்கி வெளியே வைக்கவேண்டும். உணவுப் பொருள் படும் கல்லை வெறுந்தரையில் வைக்கக்கூடாது என்பதால் அகலமான எவர்சில்வர் தாம்பாளத்தில் வைப்பார். பிறகு மாவு நிறைந்த பாத்திரத்தைச் சமையலறை மூலைக்கு இழுப்பார். நாள் முழுவதும் நின்று சமைத்தவருக்கு அதைத் தூக்கும் வலு அந்நேரத்தில் இருப்பதில்லை. "தாம்பாளத்த வெக்கிறதுகூடவா கீழ கேக்கும்?" என்றார், நம்பாமல்.

"ஒரு நிமிஷம் கீழ வந்து கேக்குறீங்களாக்கா? பாப்பா மேல வெச்சுக் காட்டட்டும்."

இருவரும் இறங்கிப் போய்ப் படுக்கையறையில் நின்றார்கள். மேலே மகள், அம்மா வழக்கமாகச் செய்வதுபோலவே குழவியைத் தாம்பாளத்தில் வைத்தாள். பகல்நேரம், தெருவில் வண்டிகளின் இரைச்சல் இருந்தது. அப்படியிருந்தும் அந்த அடி அறை முழுவதும் அதிர விழுந்தது. மூத்தவர் தம்மை அறியாமல் கூரையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பாத்திரம் இழுபடும் ஓசை வந்தது. "இதுவா? இதுலயா அந்தப் பிள்ளை தூங்குது?" என்று அவர் கேட்டபோது, கீழ்வீட்டுப் பெண் பதில் சொல்லவில்லை. "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று சொல்லும் ஆசை எவருக்கும் வரும். சொல்லியிருந்தால், மூத்தவர் தாமாகக் கண்டறிந்தது சாட்டப்பட்ட குற்றமாக மாறியிருக்கும்.

தீர்வு மேல்வீட்டில்தான் உருவாயிற்று. அதை உருவாக்கியவரும் மூத்தவரே. தாம்பாளத்துக்கு அடியில் சணல் சாக்கு ஒன்றை நான்காக மடித்துப் போட்டார். கல்லை வைத்ததும் கீழே நின்ற இளையவருக்கு மங்கிய 'தொம்' மட்டும் கேட்டது. எட்டாக மடித்தபோது அதுவும் ஏறக்குறைய அடங்கியது. மென்மையான பொருள் இடையில் இருந்தால், மோதலின் விசை ஒரே கணத்தில் தளத்துக்குள் இறங்காமல் சிறிது நேரத்தில் பரவி இறங்குகிறது. அடியின் கூர்மை மழுங்கிவிடுகிறது. பாத்திரத்தையும் இன்னொரு சாக்கின்மேல் வைத்து, பாத்திரத்தை விட்டுவிட்டுச் சாக்கின் நுனியைப் பிடித்து இழுத்தார். மொசைக் தரையில் அது ஓசையின்றி வழுக்கியது. "இது இழுக்கவும் லேசா இருக்கே" என்று சிரித்தார். இயந்திரத்தின் கால்களுக்கு அடியில் பழைய ரப்பர்த் துண்டுகள் வைத்தார்கள். அதனால் பெரிய வேறுபாடு தெரியவில்லை. எல்லா ஓசைக்கும் ஒரே மருந்து இல்லை. வைத்துக் கேட்டுப் பார்த்தால்தான் எது பயன்படும் என்று தெரியும்.

நேரத்தைப் பற்றியும் பேசினார்கள். பதினொரு மணிக்குள் முடிக்க இயலுமா என்று இளையவர் கேட்கவில்லை. இயலாது என்று அவருக்குத் தெரியும். அதிக ஓசையுள்ள வேலை எது என்று மட்டும் கேட்டார். பாத்திரம் தேய்ப்பது என்றார் மூத்தவர். அதை மட்டும் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துவிட்டுக் காலையில் தேய்ப்பதாகத் தாமே சொன்னார். அரைப்பதை நிறுத்தவேண்டியதில்லை என்பது உறுதியான பிறகே இந்தச் சலுகை வந்தது. விளிம்பில் நிற்பவரிடம் எதையும் கேட்டுப் பெற முடியாது. பின்னால் நகர இடம் இருப்பவரிடம்தான் ஒன்றைக் கேட்க முடியும்.

விடைபெறும்போது இளையவர் ஒன்று சொன்னார்: "என்னிக்காச்சும் ஆர்டர் ஜாஸ்தியா இருந்து நேரமாகும்னா, பத்து மணிக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போடுங்கக்கா. அவர முன்னறையில படுக்கச் சொல்லிடுவேன்." இதற்குப் பிறகு, ஓசை எழும் இரவுகளில் கீழ்வீட்டுக்கும் செய்ய ஒரு வேலை இருந்தது. விநாயகர் சதுர்த்திக்கு முந்தைய இரவு அப்படி ஓர் அழைப்பு வந்தது. ஒரு மணிவரை மாவு ஆட்டினார்கள். முன்னறையில் ஓட்டுநர் உறங்கினார்.

இவ்வழி எல்லா இடத்திலும் செல்லும் என்று சொல்வதற்கில்லை. நள்ளிரவில் ஒலிபெருக்கி வைத்துக் குடித்து ஆடும் வீட்டில், கதவைத் தட்டுவதே ஆபத்தாக இருக்கும் இடத்தில், தன்வினையும் சணல் சாக்கும் உதவா. அங்கே சங்கமும் காவல் நிலையமும்தான் வழி. இங்கே அது செல்லுபடியானதற்குக் காரணங்கள் எளியவை. மேல்வீட்டுக்காரர் ஓசை எழுப்ப விரும்பியவர் அல்லர். அவருக்குத் தெரியாதிருந்த ஒரு செய்தி, அவர் தாங்கும் அளவில், அவரிடம் போய்ச் சேர்ந்தது.

ஆடி மாதத்து மழையில் ஓர் இரவு மீண்டும் அந்த அடி விழுந்தது. மறுநாளும் விழுந்தது. மூன்றாம் நாள் மாலை, மாவு வாங்கப் போகாத நாளில், கீழ்வீட்டுப் பெண் மாடியேறினார். இம்முறை நேரத்தையோ கணவரையோ அவர் குறிப்பிடவில்லை.

"அக்கா, சாக்கு காயலையா?"

மூத்தவர் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். மாவு சிந்திய சாக்கைத் துவைத்துப் போட்டிருந்தார். மும்பை மழையில் இரண்டு நாளாகியும் அது காயவில்லை. ஈரச் சாக்கில் நாற்றம் வரும் என்று எடுத்து வைத்துவிட்டு மறந்துபோயிருந்தார். "அடடா, நேத்தும் கேட்டுச்சா? கேக்காம இருக்குமா!" என்றார்.

அன்றிரவு ஒன்பது மணிக்கு, வேறு இரண்டு காய்ந்த சாக்குகள் கீழ்வீட்டிலிருந்து மகனின் கையில் மேலே போயின. ஒன்று போட, ஒன்று மாற்ற.